ஒரே சாட்சியை இரண்டு முறை கூண்டில் ஏற்றாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை, தங்க விலை வரைபடம் கற்றுத்தரும் ஒரு கட்டண வகுப்பின் நேரலையில் நடந்ததை உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். மறுபடி விளக்கப் போவதில்லை. அந்த வகுப்பை நடத்தும் 'ஆசான்' என்னைப் 'புத்தகப் பூச்சி' என்று சொன்னதும், என் கருத்தை நீக்கி என்னை வெளியேற்றியதும் என் சொந்த வருத்தம். அதை விட்டுவிடலாம். ஆனால் வரைபடத்தில் 2024 ஜூலை 23 ஆம் தேதியின் தங்க விலையைக் காட்டும் கேண்டிலுக்கு நேராக ஒரு சிவப்பு அம்புக்குறியைப் போட்டு, "பாருங்கள், பொலிஞ்சர் பட்டையும் எம்ஏசிடியும் இரண்டு சாட்சிகளாகச் சேர்ந்து சொன்ன வீழ்ச்சி இது" என்று அவர் பாடம் நடத்தினாரே, அதை விட முடியவில்லை. பட்டையும் எம்ஏசிடியும் பழைய விலைகளைக் கணக்கிட்டு வரைபடத்தில் போடும் கோடுகள்தான். அந்த வகுப்புக்குப் பணம் கட்டியவர்களில் எனக்குத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்.

அன்று என்ன நாள்? மத்திய பட்ஜெட் நாள். தங்கத்தின் இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. எம்சிஎக்ஸ் பொருள் சந்தையில் 72,700 ரூபாய் அளவில் இருந்த பத்து கிராம் விலை ஒரே நாளில் ஏறத்தாழ 4,000 ரூபாய் இறங்கியது. அதே நாளில் உலகச் சந்தையில் டாலர் விலை அப்படி எதுவும் விழவில்லை. தங்கத்தின் மதிப்பு அப்படியே இருந்தது; அதன் மேல் நாம் கட்டிக்கொண்டிருந்த வரிதான் குறைந்தது. நிதியமைச்சரின் உரையில் இருந்ததை எந்தக் கோடும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இதைத்தான் நான் கருத்தில் எழுதினேன். ஒரு கடுஞ்சொல்கூட அதில் இல்லை.

இரண்டு சாட்சி என்கிறார். இரண்டும் எதிலிருந்து பிறக்கின்றன? இரண்டுமே அந்தந்த நாளின் முடிவு விலையிலிருந்துதான். பொலிஞ்சர் பட்டையின் நடுக்கோடு என்பது கடைசி 20 நாள் முடிவு விலைகளின் சராசரி. அதற்கு மேலும் கீழும் இரண்டு திட்ட விலக்கத் தூரத்தில் இரண்டு கோடுகள்; திட்ட விலக்கம் என்பது சராசரியைச் சுற்றி விலைகள் சிதறிக் கிடக்கும் அளவு. விலை அண்மையில் எவ்வளவு அலைந்தது என்பதைப் பட்டை அளக்கிறது. எம்ஏசிடி என்பது அண்மை விலைக்குக் கூடுதல் எடை தரும் 12 நாள் அடுக்குக்குறிச் சராசரியிலிருந்து அதே வகை 26 நாள் சராசரியைக் கழித்து வருவது. அந்த வித்தியாசத்தின் அதே வகை 9 நாள் சராசரிதான் சமிக்ஞைக் கோடு. குறுகிய கால ஓட்டம் நீண்ட கால ஓட்டத்தை விட்டு எவ்வளவு விலகியது என்பதை அது அளக்கிறது. ஒன்று அலைச்சலின் அளவு, மற்றது ஓட்டத்தின் அளவு. விலையே ஒரு நாள் வெளிக்காரணத்தால் பொத்தென்று விழுந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் அலறும். ஒரே ஆளை இரண்டு சட்டை மாற்றிக் கூண்டில் ஏற்றிவிட்டு இரண்டு சாட்சி என்று சொல்வது நியாயமா?

நான் வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. அன்றிரவு தூக்கம் வராமல் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போடலாம், விரிதாள் போதும். நிஜச் சந்தையின் சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்களை எடுத்துவிடுங்கள். பல வாரங்களாக விலை 72,700 இல் அசையாமல் நிற்கிறது என்று வையுங்கள். ஒரு நாள் 68,700 ஆகிறது. அதற்குப் பிறகும் ஒரு ரூபாய்கூட அசையாமல் 68,700 இலேயே நிற்கிறது. நடந்தது ஒரே ஒரு படி இறக்கம். இனி இரண்டு கோடுகளும் என்ன பேசுகின்றன என்று பாருங்கள்.

எம்ஏசிடி முதல் நாள் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 319 ரூபாய்க்குப் போகிறது. சரி, விலை விழுந்தது, அதுவும் விழுந்தது. ஆனால் மறுநாள் 565, அதற்கு மறுநாள் 752 என்று அது ஆழமாகிக்கொண்டே போகிறது. ஒன்பதாவது நாள் சுமார் 1,112 ரூபாய் ஆழம். இத்தனைக்கும் இந்த எட்டு நாளும் விலை அசையவே இல்லை! 12 நாள் சராசரி புதிய விலைக்கு வேகமாக இறங்குகிறது, 26 நாள் சராசரி மெதுவாக இறங்குகிறது. இடைவெளி விரிகிறது, அவ்வளவுதான். திரையைப் பார்ப்பவனுக்கோ "இறக்கம் நாளுக்கு நாள் வலுக்கிறது" என்று தோன்றும். அதோடு முடியவில்லை. பதினைந்தாவது நாள் எம்ஏசிடி கோடு சமிக்ஞைக் கோட்டை மேல்நோக்கி வெட்டுகிறது. 'வாங்கு' என்கிறது. விலை அப்போதும் அதே 68,700. விற்கச் சொன்னதற்கும் வாங்கச் சொன்னதற்கும் நடுவில் சந்தையில் நடந்தது ஒன்றுமே இல்லை.

பட்டையும் இதே கதைதான். முதல் நாள் கீழ்ப்பட்டை 70,756 இல் இருக்கிறது. விலை அதற்கு இரண்டாயிரம் ரூபாய் கீழே. பார்ப்பவர்களுக்கு உலகம் இடிந்துவிட்டது போலிருக்கும். நான்காவது நாள் பட்டை தானாக இறங்கிவந்து விலையைத் தொடுகிறது. ஐந்தாவது நாள் விலை பட்டைக்கு உள்ளே வந்துவிடுகிறது. "மீட்சி தொடங்கிவிட்டது" என்று யாராவது பதிவு போடுவார்கள். மீளவில்லை ஐயா, கோடுதான் நகர்ந்தது. பத்தாவது நாள் பட்டை மிக அகலமாகிறது, நடுக்கோட்டுக்கு இருபுறமும் 4,000 ரூபாய். மரம்போல நிற்கும் விலைக்கு இவ்வளவு பெரிய அலைச்சலா? பழைய 72,700 கள் இருபது நாள் கணக்கில் பாதி மிச்சம் இருப்பதால் வரும் அகலம் அது. இருபதாவது நாள் அவை முழுக்க வெளியேறியதும் பட்டை ஒரே கோடாக ஒட்டிக்கொள்கிறது.

இது எண்களின் விளையாட்டு என்று கடந்து போகாதீர்கள். கோவையில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், எனக்கு நகைத்தொழிலின் அரிச்சுவடி சொல்லித்தந்தவர், அந்த ஜூலைக் கடைசியில் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "தம்பி, இந்தக் கோடு இன்னும் ஆழமாகத்தான் போகிறது. ஆவணி முகூர்த்தத்துக்கு வேண்டிய தங்கக் கட்டியை இன்னும் இரண்டு வாரம் கழித்து எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். விரலில் அரத்தூள் ஒட்டியிருந்தது. திரையில் அந்த விரல் பட்ட இடமெல்லாம் மினுமினுத்தது. என்னால் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கணக்கை நான் அப்போது போட்டிருக்கவில்லை. அவர் காத்திருந்தார். ஆகஸ்ட் கடைசியில் சென்னையில் பவுன் 53,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. செப்டம்பர் இறுதியில் 56,000 ஐயும் தாண்டியது. ஒப்புக்கொண்ட விலைக்கு நகையைச் செய்து கொடுத்தார், கூலியில் பாதி போனது. என்னை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

இப்போது கேட்பார்கள்: "பட்ஜெட் நாள் விதிவிலக்கு. மற்ற நாட்களில் வேலை செய்கிறதே?" செய்கிறது. எப்போது செய்கிறது என்பதைத்தான் அந்த வகுப்பில் சொல்வதில்லை. 2024 மார்ச் முதல் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உலகச் சந்தையில் தங்கம் 2,100 டாலரைத் தாண்டியபோது தினசரி வரைபடத்தில் மேல்பட்டையை உடைத்துக்கொண்டு வெளியே நின்றது. 'மேல்பட்டையைத் தொட்டால் விற்க வேண்டும்' என்ற பாடத்தைப் படித்தவர்கள் விற்றார்கள். அதற்குப் பிறகு ஏப்ரல் 12 அன்று 2,400 டாலரைத் தாண்டும் வரை விலை ஒரு நாள்கூட நடுக்கோட்டுக்குக் கீழே முடிவடையவே இல்லை. இங்கே 48,000 ரூபாயாக இருந்த பவுன் 54,000 ஆனது. ஓட்டம் பிடித்துவிட்ட சந்தையில் விலை மேல்பட்டையோடு ஒட்டியபடியே நடக்கும். அது பலத்தின் அடையாளம். பட்டையைத் தொடுவது வெறும் தொடுதல்தான், அது சமிக்ஞை அன்று என்பது அதை உருவாக்கிய ஜான் பொலிஞ்சரே வகுத்துக் கொடுத்த விதி. அவர் பெயரைச் சொல்லி அவர் சொல்லாததை விற்கிறார்கள்.

எம்ஏசிடிக்கு நோய் இதற்கு நேர்மாறானது. ஓட்டம் இருந்தால் அது நல்ல துணை. 2025 ஏப்ரல் 22 அன்று 3,500 டாலரைத் தொட்ட தங்கம் அதன்பின் ஆகஸ்ட் கடைசி வரை ஓர் அடைப்புக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட சந்தையில் இரண்டு சராசரிகளும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, எம்ஏசிடி பூஜ்யத்தின் பக்கத்திலேயே கிடக்கும். சிறு அசைவுக்கும் கோடுகள் வெட்டிக்கொள்ளும். ஏறி முடித்த பிறகு வாங்கச் சொல்லும், இறங்கி முடித்த பிறகு விற்கச் சொல்லும். ஆக, பட்டை ஏமாற்றுவது ஓட்டத்தில். எம்ஏசிடி ஏமாற்றுவது ஓட்டம் இல்லாத இடத்தில். 'இரண்டும் ஒன்றாகச் சொன்னால் உறுதி' என்பது எப்படி உறுதியாகும்?

"நடந்து முடிந்த பிறகு யார் வேண்டுமானாலும் பேசலாம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆமாம், நடந்து முடிந்ததற்குத்தான் அந்த ஆசானும் அம்புக்குறி போட்டிருக்கிறார். அவரிடம் இதைக் கேட்டீர்களா?

"அப்படியானால் எதைப் பார்ப்பது?" என்று உள்பெட்டியில் ஒரு சகோதரி உண்மையான அக்கறையோடு கேட்டிருந்தார். அவருக்காகச் சொல்கிறேன். ரூபாய் வரைபடத்தில் ஒரு பெரிய கேண்டில் தெரிந்தால் உடனே டாலர் வரைபடத்தைப் பக்கத்தில் திறங்கள். இரண்டிலும் அதே இறக்கம் இருந்தால் விழுந்தது தங்கம். ரூபாயில் மட்டும் இருந்தால் விழுந்தது வரி அல்லது அசைந்தது நாணய மதிப்பு. அப்போது அடுத்த நான்கு வாரத்துக்கு இந்த இரண்டு கருவிகளும் அந்த ஒரு நாளைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். எம்ஏசிடி ஆழமாகிறதென்றால் கடைசி ஐந்து நாள் முடிவு விலைகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். விலை நிற்கும்போது கோடு மட்டும் ஓடுகிறதென்றால், அது பழைய அடியின் எதிரொலி.

இதைச் சொன்னதற்காகத்தான் என்னை வெளியேற்றினார்கள். பரவாயில்லை. நான் அந்த வகுப்பை மூடச் சொல்லவில்லை, யாருடைய பிழைப்பிலும் மண் போட வரவில்லை. அந்தப் படத்தில் சிவப்பு அம்புக்குறியின் அடியில் 'இறக்குமதி வரி 15 இலிருந்து 6' என்று ஒரு குறிப்பு சேருங்கள் என்று மட்டும்தான் கேட்டேன். இன்று காலையில்கூடப் பார்த்தேன். அம்புக்குறி அப்படியே இருக்கிறது, அந்தக் குறிப்பு இல்லை.