ஒரு நிமிட விமர்சனத்தில் கதை எங்கே கசிகிறது?

ஸ்பாய்லர் இல்லை என்று தலைப்புப் போட்டுவிட்டு, முதல் பத்து நொடிக்குள் படத்தின் முடிவைச் சொல்லிவிடுகிற ஷார்ட்ஸ் இப்போது ஏகப்பட்டது வருகிறது. சொல்கிறவருக்கே தான் சொல்லிவிட்டது தெரியாது. கதையைச் சொன்னால்தானே ஸ்பாய்லர், நான்தான் கதையே சொல்லலையே என்பார்.

என் அக்கா மகன் அப்படித்தான் கேட்டான். கேரள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்துகொண்டு தமிழில் சினிமா ஷார்ட்ஸ் போடப் போகிறேன் என்று கிளம்பியிருக்கிறான். நல்ல காரியம். இந்தப் பக்கம் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சினிமாவுக்கு இரண்டும் என்று வளர்ந்த கூட்டம் நிறைய. அவர்களுக்கென்று பேச ஆள் வேண்டும். ஒரு தீர்ப்பு, இரண்டு காரணம், ஒரு எச்சரிக்கை, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது என்று ஒரு வடிவத்தையும் அவனே வைத்திருந்தான். பழகிப் பார்க்க 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தை எடுத்துக்கொள் என்றேன். எழுதிக்கொண்டு வந்தான். அதை வைத்துத்தான் இந்தப் பதிவு. படத்தை இன்னும் பார்க்காதவர்களும் தைரியமாகப் படிக்கலாம்.

ஏன் அந்தப் படம் என்றால், ஸ்பாய்லர் விஷயத்தில் அதைவிடச் சிக்கலான படம் கிடைப்பது கஷ்டம். 2024 பிப்ரவரியில் வந்தது, சிதம்பரம் இயக்கியது. கொச்சிப் பக்கத்து மஞ்சும்மல் என்ற ஊரிலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த நண்பர்களுக்கு 2006இல் குணா குகையில் நடந்த நிஜச் சம்பவம்தான் கதை. அப்போதே செய்தியில் வந்தது. தேடினால் ஒரு நொடியில் முடிவு தெரிந்துவிடும். அதனால், ஊருக்கே தெரிஞ்சதுதானே மாமா, சொன்னா என்ன என்பது அவன் கட்சி. தேடிப் போகிறவன் தானாகத் தெரிந்துகொள்கிறான், அது அவன் இஷ்டம். கட்டைவிரலால் தள்ளிக்கொண்டு வருகிறவன் காதில் நாம் போய்ச் சொல்வது வேறு. அந்தப் படத்தில் பார்க்கிறவனைப் பிடித்து உட்கார வைப்பது, குகைக் குழிக்குள் விழுந்தவன் பிழைப்பானா என்ற ஒரே ஒரு கேள்விதான். அதற்குப் பதிலைக் கையில் கொடுத்துவிட்டு டிக்கெட் வாங்கு என்றால் எப்படி?

சரி, அவன் எழுதியதற்கு வருகிறேன். தீர்ப்பாக அவன் போட்டிருந்தது: 'குடும்பத்தோட போய் மனசு நிறைஞ்சு வெளிய வரலாம்.' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒருவன் குழிக்குள் விழுந்துவிட்டான் என்று டிரெய்லரிலேயே பார்த்தவனுக்கு இந்த ஒரு வரி போதும், மிச்சத்தை அவனே கணக்குப் போட்டுக்கொள்வான். இதையே திருப்பிப் போட்டு 'கர்ச்சீஃப் எடுத்துட்டுப் போங்க' என்றாலும் அதே கதிதான், இந்தத் தடவை வேறு முடிவை ஊகிப்பான். இரண்டில் எது சரி என்று இங்கே சொல்லப் போவதில்லை. உயிர்ப் போராட்டப் படத்துக்குப் படம் முடிந்தபின் வருகிற உணர்ச்சியைத் தீர்ப்பாக வைத்தால், அந்தத் தீர்ப்பே முடிவைக் காட்டிக்கொடுத்துவிடும். ஃபீல் குட், சோகம், மனசு கனத்துடுச்சு எல்லாம் இந்த வகைதான். பின்னணியில் போடுகிற இசையும் இதையே செய்யும். வாயால் ஒன்றும் சொல்லாமல், கீழே வயலினை அழவிட்டால் கேட்கிறவனுக்குப் புரியாதா?

அப்படியானால் தீர்ப்பு எதைப் பற்றி இருக்க வேண்டும்? பார்க்கிறவன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி. எங்களுக்குத் தியேட்டர் என்றால் பாலக்காட்டுக்குப் போகலாம், பொள்ளாச்சிக்குப் போகலாம். எங்கே போனாலும் வண்டிச் செலவு, டிக்கெட், இடைவேளையில் பப்ஸ் என்று ஒரு குடும்பத்துக்குக் கணிசமாகப் பழுத்துவிடும். தியேட்டருக்குப் போகட்டுமா, ஓ.டி.டி.யில் வரும்வரை பொறுக்கட்டுமா, விட்டுவிடட்டுமா, இதற்குத்தான் பதில் வேண்டும். 'ஒருமுறை பார்க்கலாம்' என்பதெல்லாம் பதிலே கிடையாது. யாராவது எந்தப் படத்தையாவது முதல் தடவையே இரண்டு முறை பார்ப்பார்களா? ஐந்துக்கு மூன்றேகால் ஸ்டாரும் அப்படியே. இந்தப் படத்துக்கு நான் சொன்ன தீர்ப்பு: பெரிய திரை, இல்லையென்றால் நல்ல ஹெட்போன், இரண்டில் ஒன்று இருந்தால் கண்டிப்பாகப் பாருங்கள். இதில் முடிவைப் பற்றி ஒரு துளி கிடையாது. ஆனால் போனை மேசையில் சாய்த்துவைத்துச் சோறு சாப்பிட்டுக்கொண்டே பார்க்க நினைத்தவன் யோசிப்பான்.

காரணங்களில்தான் கசிவு அதிகம். அவன் எழுதிய முதல் காரணம், 'ஆரம்பத்துல வர்ற ஒரு காட்சியைக் கவனிச்சு வெச்சுக்கங்க, பின்னாடி அதுக்கு வேலை இருக்கு' என்பது. எந்தக் காட்சி என்பதையும் எழுதியிருந்தான், நான் இங்கே எழுதமாட்டேன். கதையை அவன் சொல்லவில்லை என்பது நிஜம்தான். ஆனால் இயக்குநர் சத்தமில்லாமல் ஒளித்துவைத்த சாமானின் மேல் டார்ச் அடித்துக் காட்டிவிட்டான். இனி அந்தக் காட்சி வரும்போது பார்க்கிறவன் சிரிக்கமாட்டான், காத்திருப்பான். 'ட்விஸ்ட் இருக்கு, ஆனா சொல்லமாட்டேன்' என்பதும் இதே குற்றம்தான். இருக்கிறது என்று சொன்னதுமே தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்தப் படத்தில் ஒரு பழைய பாட்டு வருகிறது, 1991இல் வந்த 'குணா'வுக்காக இளையராஜா போட்டது. குகைக்கே அந்தப் பேர் வரக் காரணம் அந்தப் படம்தான், அதற்கு முன்னால் டெவில்ஸ் கிச்சன் என்றுதான் அந்த இடத்துக்குப் பெயர். பாட்டு இருக்கிறது என்று சொல்லலாம், ஊரறிந்த விஷயம். எந்த இடத்தில் வருகிறது என்று சொல்லக் கூடாது. இந்தக் கோட்டைத்தான் அவனுக்குப் போட்டுக் காட்டினேன்: என்ன இருக்கிறது என்பதை ஓரளவு சொல்லலாம், எப்போது, எதற்காக என்பதைத் தொடாதே. கதையில் எதுவரை சொல்லலாம் என்றால் டிரெய்லர் காட்டியது வரைக்கும். அதைத் தாண்டிப் பேச வேண்டுமானால் எப்படி எடுத்திருக்கிறார்கள் என்பதைப் பேசு.

எப்படி என்பதற்கு இந்தப் படத்தில் பஞ்சமே இல்லை. முதல் காரணமாக ஒலியை வைத்தோம். இருட்டுக் குழி எவ்வளவு ஆழம் என்பதைக் கேமராவால் ஓரளவுக்குத்தான் காட்ட முடியும். மேலே நின்று கூப்பிடுகிற குரல் உள்ளே போகப் போக எப்படித் தேய்கிறது என்பதில்தான் ஆழம் தெரிகிறது. அந்தக் குகையில் பெரும்பகுதி அஜயன் சாலிசேரி போட்ட செட் என்று தெரிந்தபின் பார்த்தாலும் ஈரமும் வழுக்கலும் நிஜமாகத்தான் படுகிறது. செட் விவரத்தை ஷார்ட்ஸில் சொல்லாதே என்றேன். ஸ்பாய்லர் என்பதால் அல்ல, நேரம் கிடையாது.

இரண்டாவது காரணம் மொழி. கொடைக்கானல்காரர்கள் தமிழிலேயே பேசுகிறார்கள், பையன்கள் மலையாளத்தில் பேசுகிறார்கள், இரண்டு பேரும் சந்திக்கும் இடத்தில் அரைகுறைத் தமிழ் ஓடுகிறது. எல்லாரையும் ஒரே மொழியில் பேச வைக்கவில்லை. வேலந்தாவளம் செக்போஸ்ட் பக்கத்து டீக்கடையில் அரை மணி நேரம் நின்றால் காதில் விழுகிற பேச்சு அது. மலையாளம் தெரியாத எங்கள் அம்மிச்சி இந்தப் படத்தைத் தொடர்ந்து பார்த்தார், அவ்வப்போது மட்டும் 'என்னடா சொல்றான்?' என்று கேட்டுக்கொண்டு. சென்னையிலிருந்து விமர்சனம் போடுகிறவர் இதைக் காரணமாகவே நினைக்கமாட்டார். எல்லையில் இருக்கிறவன் இதைச் சொல்லாவிட்டால் அவன் எதற்கு?

எச்சரிக்கைக்கு வந்தோம். இதில்தான் இரண்டு பேருக்கும் வாக்குவாதம். 'முதல் அரை மணி நேரம் மெதுவா போகும்' என்று எழுதியிருந்தான். அது புகார், எச்சரிக்கை ஆகாது. மெதுவாகப் போனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. அடுத்ததாக, ஒரு அடிதடிக் காட்சியைச் சொல்லலாம் என்றான். சொல்லலாம்தான், ஆனால் யார், யாரை, எங்கே என்பதையும் சேர்த்தே எழுதியிருந்தான். அந்த மூன்றையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது 'ஒரு வன்முறைக் காட்சி உண்டு' என்பது. அது எந்தப் படத்துக்குத்தான் பொருந்தாது?

எச்சரிக்கை என்றால் அதைக் கேட்டு ஒருவராவது முடிவை மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தப் படத்தில் அப்படி மாற்றிக்கொள்ள வேண்டியவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். லிஃப்டில் ஏறினால் மூச்சு முட்டுகிறவர்கள், இருட்டில் தனியாகப் படுக்காத சின்னப் பிள்ளைகள். இடுக்கையும் இருட்டையும் அந்தப் படம் நீண்ட நேரம் விடாமல் காட்டுகிறது. குகைப் படம் என்று போஸ்டரைப் பார்த்தாலே தெரியும்தான், எவ்வளவு நேரம் உள்ளேயே இருக்கப் போகிறோம் என்பது போஸ்டரில் தெரியாது.

கடைசியில் அவன் பேசியது இது, எழுதியபடியே தருகிறேன்:

'மஞ்சும்மல் பாய்ஸ். பெரிய திரை, இல்லைன்னா நல்ல ஹெட்போன், ரெண்டுல ஒண்ணு இருந்தா கண்டிப்பா பாருங்க. லிஃப்டுல மூச்சு முட்டறவங்க, இருட்டுன்னா பயப்படற குட்டிப் பசங்க மட்டும் வேண்டாம், ரொம்ப நேரம் இடுக்குலயும் இருட்டுலயும் நிக்க வெச்சிருவாங்க. கொடைக்கானலுக்கு டூர் போற கூட்டாளிங்க, குகையில ஒருத்தன் குழிக்குள்ள விழுந்துடறான். கதை இவ்வளவுதான் சொல்வேன். ஏன் பார்க்கணும்? ஒண்ணு, அந்தக் குழியோட ஆழத்தைக் காதுல கேக்க வெச்சிருக்காங்க. மேல இருந்து கூப்பிடற குரலைக் கவனிங்க. ரெண்டு, தமிழ் பேசறவன் தமிழ் பேசறான், மலையாளி மலையாளம் பேசறான், நடுவுல நம்ம ஊர்ப் பேச்சு. வீட்டுப் பெரியவங்களையும் கூட்டிட்டு உக்காரலாம்.'

நிதானமாகப் பேசினாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. யூடியூபில் 2024 அக்டோபரிலிருந்து ஷார்ட்ஸ் மூன்று நிமிடம் வரை போகலாம் என்று ஆக்கிவிட்டார்கள். அந்த மிச்ச இரண்டு நிமிடத்தில்தான் ஆள்கள் கதையை உளறுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். பேச நேரம் இருந்தால் காட்சிகளைச் சொல்லத்தான் வாய் போகும்.

எச்சரிக்கையைத் தீர்ப்புக்கு அடுத்தபடியாகத் தூக்கி வைத்ததைக் கவனித்திருப்பீர்கள். வழக்கமாகக் கடைசியில்தான் வைப்பார்கள். ஆனால் ஷார்ட்ஸை முழுக்கப் பார்க்கிறவர்களைவிடப் பாதியில் தள்ளிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். பாருங்கள் என்பது மட்டும் காதில் விழுந்து, வேண்டாம் என்பது விழாமல் போனால் மூச்சு முட்டுகிறவர் டிக்கெட் எடுத்துவிடுவார். உடம்புக்கோ மனசுக்கோ ஒத்துக்கொள்ளாத சமாசாரமாக இருந்தால் முன்னால் வை, மொழி புரியாது, பாட்டு ஜாஸ்தி என்பது மாதிரி லேசானதாக இருந்தால் கடைசியில் வைத்துக்கொள் என்று பேசி வைத்திருக்கிறோம்.

இன்னும் ஒன்று பாக்கி. வீடியோவில் இவ்வளவு கட்டுப்பாடாகப் பேசிவிட்டு, கீழே ஒருவர் 'ப்ரோ, அவன் பிழைச்சானா?' என்று கேட்டால் ஆர்வத்தில் பதில் போட்டுவிடுவார்கள். வீடியோவைத் திறக்கிறவன் கமெண்டையும்தான் திறக்கிறான். அந்தக் கேள்விக்குப் பதில் போடாதே, யாராவது போட்டால் எடுத்துவிடு என்றேன். கமெண்ட் குறைஞ்சிரும் மாமா என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான்.