பெனின் வெண்கலங்களைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு

முதுகலைக் கருத்தரங்கக் கட்டுரைகளைச் சில வருடங்களாகத் திருத்திக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அருங்காட்சியகங்கள் பொருட்களைத் திருப்பித் தர வேண்டுமா என்ற தலைப்பு வந்தாலே ஒரே அச்சில் வார்த்தது மாதிரி வரும். முதல் பாதி 'தர வேண்டும்', இரண்டாம் பாதி 'தரக் கூடாது', கடைசியில் இரண்டுக்கும் நடுவில் ஒரு சமாதானம். இந்த விவாதத்தில் ஒரு கேள்வி இல்லை, மூன்று இருக்கின்றன: பொருள் எப்படிப் போனது, இப்போது வைத்திருப்பவர் அதைக் கொடுக்க முடியுமா, கொடுத்தால் யாரிடம் கொடுப்பது. ஒரு கேள்விக்கான பதிலை இன்னொரு கேள்விக்குக் கொண்டுபோய் ஒட்டுவதில்தான் பெரும்பாலான கட்டுரைகள் சறுக்குகின்றன.

பெனின் வெண்கலங்களையே எடுத்துக்கொள்வோம். (பெயர்தான் வெண்கலம், பெரும்பாலானவை பித்தளை.) 1897 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை இன்றைய நைஜீரியாவில் இருக்கும் பெனின் நகரைப் பிடித்து, அரண்மனையிலிருந்த புடைப்புப் பலகைகள், சிலைகள் என ஆயிரக்கணக்கான பொருட்களை அள்ளிச் சென்றது. இவைதான் பெனின் வெண்கலங்கள். அரசர் ஒவொன்ராம்வென் நாடு கடத்தப்பட்டார். அதனால் முதல் கேள்வியில் சண்டைக்கு அதிகம் இடமில்லை. அதையே பத்துப் பக்கம் நிரூபித்துக்கொண்டிருக்காமல் ஒரு பக்கத்தில் முடித்துவிட்டு நகருங்கள்.

இரண்டாவது கேள்வியில், இவற்றில் பலவற்றை வைத்திருக்கும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் வழக்கமான பதில், '1963ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்காது' என்பது. உண்மைதான். சில விதிவிலக்குகளைத் தவிர, சேகரிப்பிலிருந்து எதையும் வெளியே கொடுக்க அறங்காவலர்களுக்கு அந்தச் சட்டம் வழி விடுவதில்லை. 2005இல் இது நீதிமன்றத்திலேயே சோதிக்கப்பட்டது. நாஜிகள் ஒரு யூதக் குடும்பத்திடமிருந்து பறித்த நான்கு ஓவியங்களைத் திருப்பிக் கொடுக்க அருங்காட்சியகமே தயாராக இருந்தது. அறக்கடமை இருந்தாலும் அதைக் காரணமாக வைத்து இந்தச் சட்டத்தைத் தாண்ட முடியாது என்று தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகு என்ன நடந்தது? 2009இல் நாடாளுமன்றம் நாஜிக் காலத்துப் பொருட்களுக்கு மட்டும் தனிச் சட்டம் போட்டது. ஆக, சட்டம் அறங்காவலர்களின் கையைக் கட்டுகிறது. நாடாளுமன்றத்தின் கையைக் கட்டவில்லை. 'சட்டம் விடவில்லை' என்பது யார் முடிவெடுக்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது, கொடுப்பது சரியா தவறா என்பதை அல்ல. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதே அருங்காட்சியகம் 1950களில், ஒன்றுபோல் இரண்டு இருக்கின்றன என்று சொல்லி, பெனின் பலகைகள் சிலவற்றை அன்றைய நைஜீரிய நிர்வாகத்துக்கு விற்றது. ஆமாம், எடுத்த இடத்துக்கே காசு வாங்கிக்கொண்டு.

'எங்களிடம்தான் பாதுகாப்பு' என்ற வாதத்துக்கு நீளமாக மறுப்பு எழுதத் தேவையில்லை. 2023இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலேயே ஏறத்தாழ இரண்டாயிரம் பொருட்கள் திருடு போயும் சேதமாயும் காணாமலும் இருந்தது தெரியவந்தது.

மூன்றாவது கேள்வியில்தான் உண்மையான சிக்கல். 2023 மார்ச்சில், மீண்டு வரும் பெனின் பொருட்களின் உரிமையாளர் பெனின் அரசரான ஒபாதான் என்று நைஜீரிய அதிபர் ஆணை வெளியிட்டார். பொது அருங்காட்சியகத்துக்குப் போகும் என்று நினைத்திருந்த ஐரோப்பாவில் சிலர் திடுக்கிட்டார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 116 பொருட்களை ஒப்படைக்கும் நிகழ்ச்சியைத் தள்ளிப்போட்டது. இன்னொரு பக்கம், நியூயார்க்கிலிருந்து அடிமைகளின் வழித்தோன்றல்கள் குரல் கொடுத்தார்கள். அன்றைய பெனின் அரசு மனிதர்களை விற்று வாங்கிய பித்தளைக் காப்புகளை உருக்கித்தானே இவற்றைச் செய்தார்கள், எங்களுக்குப் பங்கில்லையா என்றார்கள். பொருட்களைத் திருப்பித் தந்த அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் மீது வழக்கும் போட்டார்கள், நிற்கவில்லை.

என் கருத்து இது. இந்த வாதத்தில் கனம் இருக்கிறது, அதைக் கட்டுரையில் ஒதுக்கிவிடாதீர்கள். ஆனால் அது லண்டனுக்குச் சாதகமான வாதமல்ல. ஒபாவா, நைஜீரிய அரசா, அடிமைகளின் பேரப்பிள்ளைகளா என்ற கேள்வி எழும்போதே, வைத்திருப்பவருக்கு உரிமை இல்லை என்பதை ஒப்புக்கொண்டுதான் பேசுகிறோம். வாரிசுகளுக்குள் வழக்கு இருந்தால், வீட்டைப் பிடித்துக்கொண்டவருக்குப் பட்டா வந்துவிடுமா?

அப்புறம், 'திருப்பித் தருதல்' என்ற சொல்லை உரிமை, இருப்பிடம் என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். 2022இல் பெர்லின் 512 பொருட்களின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றிக் கொடுத்தது. அவற்றில் சுமார் மூன்றில் ஒரு பங்கு முதற்கட்டமாகப் பத்து ஆண்டுகளுக்குப் பெர்லினிலேயே இருக்கும் என்று ஏற்பாடு. இந்த முறை இரவல் கொடுப்பது நைஜீரியா, வாங்குவது ஜெர்மனி.