பட்டியல் போட்டுப் பாட்டெழுதியது குற்றமா?

சக ஊழியரின் பிறந்தநாள் அட்டையில் நான் எழுதிய குறும்பாவை, அதாவது ஐந்தடி வேடிக்கைப் பாட்டை, பற்றி நேற்று ஒரு பேச்சு நடந்தது. என் குறிப்புத் தாளைத் தூக்கிப் பிடித்து, "அடிகளின் ஈற்றில் ஒத்தொலிக்கும் இயைபுச் சொற்களை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு நிரப்பியிருக்கிறீர்கள், இதற்குப் பெயர் கவிதையா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்ட அன்பருக்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

ஆம், பட்டியல் போட்டேன். ஐந்து அடிகளின் கடைசிச் சொற்களும் அந்தப் பட்டியலிலிருந்தே வந்தவை. அதில் மறைக்க எதுவும் இல்லை என்பதால்தான் தாள் மேசைமேல் கிடந்தது.

லிமரிக் என்னும் குறும்பாவில் முதல், இரண்டாம், ஐந்தாம் அடிகள் ஓர் ஓசையிலும், குட்டையான மூன்றாம், நான்காம் அடிகள் வேறோர் ஓசையிலும் முடிய வேண்டும். தமிழில் இது ஏமாற்றும் அளவுக்கு எளிது. வந்தார், சென்றார், சிரித்தார் என்று வினைமுற்றுகளை அடுக்கினால் விகுதியே இயைபாகிவிடும். முன்பு ஒருவருக்கு அப்படித்தான் ஐந்தடியும் 'ஆர்' என்று முடித்துப் படித்தேன், படித்து முடித்தபின் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார். இலவசமாக வரும் ஓசையைக் காது கணக்கில் எடுப்பதில்லை என்பதை அன்று கற்றுக்கொண்டேன். பட்டியல் போடும் பழக்கம் அந்த அவமானத்தில் தொடங்கியது.

இம்முறை முதல் வரிசையில் எட்டு, கட்டு, குட்டு, சிட்டு, துட்டு, மெட்டு, வெட்டு என்று எழுதினேன். 'பாட்டு' என்பதை எழுதி அடித்துவிட்டேன். எதுகைக்குச் சொல்லும் விதியை இங்கும் வைத்துக்கொண்டால், குறிலோடு நெடில் சேராது. இரண்டாம் வரிசையில் சாவி, தாவி, ஆவி, பாவி. பிறகு ஐந்தாம் அடிக்கான சொல்லை முதலில் தேர்ந்தெடுத்தேன், ஏனென்றால் சிரிப்பு அங்கேதான் வெடிக்க வேண்டும். 'குட்டு' என்ற சொல்லுக்குத் தலையில் வைப்பது என்றும் பொருள், மறைத்து வைத்த இரகசியம் என்றும் பொருள். அதைப் பார்த்த கணத்தில், சாவியைத் தொலைத்துவிட்டு ஊரைக் கூட்டும் நம் சக ஊழியரின் அலமாரி நினைவுக்கு வந்தது.

பிறந்தநாள் அன்றுகாலை மணி எட்டு,
பிரிக்கவந்தார் அலமாரிக் கோப்புக் கட்டு;
காணோமே சாவி!
தேடினார் தாவி;
பூட்டவே இல்லையாம், உடைந்தது குட்டு!

பூட்டை உடைக்க வேண்டிய இடத்தில் குட்டு உடைகிறது. இந்த நகைச்சுவை எனக்கு வானத்திலிருந்து இறங்கவில்லை. பட்டியலின் மூன்றாவது சொல்லிலிருந்து வந்தது. பட்டியல் இல்லாதிருந்தால் 'வாழ்க பல்லாண்டு' என்று முடித்திருப்பேன், அன்பரும் மகிழ்ந்திருப்பார்.

"உணர்ச்சி முதலில் வர வேண்டாமா?" என்பீர்கள். பதினேழாம் நூற்றாண்டு பிரான்சில் துய்லோ என்றொரு கவிஞர், சானெட் என்னும் பதினான்கடிப் பாக்கள் தம்மிடமிருந்து 300 தொலைந்துவிட்டதாகப் புலம்பினாராம். விசாரித்தால், எழுதி வைத்திருந்தது கடைசிச் சொற்களை மட்டுமே. ஊர் சிரித்தது உண்மைதான். ஆனால் சிரித்த அதே ஊர், கடைசிச் சொற்களைக் கொடுத்துக் கவி எழுதச் சொல்லும் விளையாட்டை அதன்பின் ஆசையாக ஆடியது. லிமரிக்கைப் பரப்பிய எட்வர்ட் லியரின் 1846ஆம் ஆண்டுத் தொகுப்பில், பல பாக்களின் கடைசி அடி முதலடியின் ஈற்றுச் சொல்லையே திரும்பச் சொல்லி முடிகிறது. அவரிடம் போய் யாரும் தாளைத் தூக்கிக் காட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பட்டியல் ஆளை இழுத்துக்கொண்டு போகும் என்று ஒருவர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் உண்டு. 'சிட்டு' என்னையும் இழுத்தது. பணி ஓய்வை நெருங்குகிறவரைச் சிட்டு என்றால் பொய்யாகிவிடும் என்று விட்டுவிட்டேன். அவ்வளவுதான், அந்த வாதத்துக்கு இதற்கு மேல் மரியாதை இல்லை.

உண்மையில் எனக்கு வலித்தது கவிதை பற்றிய கருத்தன்று. ஒரு மாலை முழுவதும் ஒருவரை நினைத்துக்கொண்டு உட்கார்ந்து, எந்தச் சொல் அவருக்குப் பொருந்தும், எது புண்படுத்தும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளியதற்கு 'நிரப்புவது' என்று பெயர் வைத்தார்களே, அதுதான். கேள்வி கேட்ட அன்பர் அதே அட்டையில் தம் கையெழுத்தை மட்டும் போட்டார். அதற்கும் பேனாவை என்னிடம்தான் வாங்கினார். இன்னும் திருப்பித் தரவில்லை.

பிறந்தநாள்காரர் அட்டையை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். பட்டியலை நானும் கிழிக்கவில்லை. துட்டு, மெட்டு, வெட்டு மூன்றும் அதில் மிச்சம் இருக்கின்றன. அன்பரின் பிறந்தநாள் அடுத்த மாதம்.