அந்தக் கேக்கில் முட்டை இருந்தது

என் சித்தி மகளுக்கு மேட்ரிமோனி மூலம் ஒரு வரன் வந்தது. பேச ஆரம்பித்த நாலாம் நாளே "இத்தனை வருஷம் உனக்காகத்தான் காத்திருந்தேன்" என்றான். பத்தாம் நாள் அவள் ஆபீசுக்கு ரோஜாக் கொத்தும் பெரிய கேக்கும் வந்தன. சித்திக்குப் பட்டுப்புடவை. "கொடுத்து வச்சவடி நீ" என்று நானே சொன்னேன்.

அப்புறம் ஒருநாள் அவள் வாட்ஸப்பைக் காட்டினாள். தேவதை, அதிர்ஷ்டம், உயிர் என்று மூன்று வாரமாக மழைதான். ஆனால் அவளைப் பற்றி ஒரு கேள்வியைக் காணோம். முட்டை சாப்பிட மாட்டேன் என்று இரண்டு முறை எழுதியிருக்கிறாள். வந்தது முட்டை கேக். அந்தப் புகழ்ச்சியில் பெயரை மாற்றி யாருக்கு அனுப்பினாலும் பொருந்தும்.

அடுத்த ஞாயிறு அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், பார்க்க வர முடியாது என்றாள். அவள் சொன்ன முதல் 'முடியாது' அது. பதினேழு மிஸ்டு கால். "உனக்காக எவ்வளவு செஞ்சிருக்கேன்" என்று ரோஜா முதல் புடவை வரை கணக்கு. ராத்திரி மன்னிப்பும் ஒரு கவிதையும்.

இதற்குத்தான் லவ் பாம்பிங் என்று பெயர். 1970களில் அமெரிக்காவில் மூன் என்பவரின் யூனிஃபிகேஷன் சர்ச் புதிதாக வருகிறவர்களைச் சுற்றி நின்று அன்பைக் கொட்டி உள்ளே இழுத்ததைப் பற்றிப் பேசும்போது புழங்கிய சொல். காதலுக்கு அப்புறம்தான் வந்தது. 2023ல் இங்கிலாந்தின் அரசு வழக்குத்தொடுப்புத் துறை, துணையை அடக்கி ஆளும் குற்றத்துக்கான வழிகாட்டியிலேயே இதைச் சேர்த்தது. தனியாகப் பார்த்தால் பூங்கொத்து குற்றமில்லை. கொட்டுவது, பிடுங்குவது, மறுபடி கொட்டுவது என்று அது திரும்பத் திரும்ப நடக்கிறதா என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

அதற்காக நிறையப் பேசுகிறவனை எல்லாம் சந்தேகப்படச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரும் முதல் மாதம் ராத்திரி ஒரு மணி வரை பேசினவர்தான். பாதி நேரம் பழைய ரேடியோக்களைப் பற்றி, அது வேறு கொடுமை! ஆனால் மீதி நேரம் கேள்வி கேட்பார். ஆடிட் முடியும்வரை போன் வேண்டாம் என்றேன். "சரி, முடிச்சிட்டுச் சொல்லு" என்றார். குரலில் ஏமாற்றம் தெரிந்தது, மறைக்கவில்லை. நாலு நாள் கழித்து, "அந்த ஸ்டாக் கணக்கு இடிக்குதுன்னியே, சரியாச்சா?" என்று மெசேஜ் வந்தது. அந்த ஒரு வரியை வேறு யாருக்கும் அனுப்ப முடியாது.

ஒருநாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதை வைத்து யாரையும் முடிவு கட்டிவிட முடியாது. அவள் இன்னும் இரண்டு முறை சின்னச் சின்ன 'முடியாது' சொல்லிப் பார்த்தாள். இரண்டு முறையும் அதே கணக்கு, அதே கவிதை. நம் ஊரில் இன்னொரு சிக்கல், குண்டு வீட்டார் மேலும் விழும். "இவ்வளவு ஆசையா இருக்கானே, நிச்சயத்தை இந்த மாசமே வச்சிடலாம்" என்று சித்திதான் அதிகம் அவசரப்பட்டாள்.

வரனை வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. அந்தப் புடவையை எப்படித் திருப்பி அனுப்புவது என்றுதான் சித்திக்கு இன்னும் புரியவில்லை.