சேர்ந்து கணக்குக் காட்டினால் வரி குறையுமா?

"கணவன், மனைவி சேர்ந்து வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் எப்போதும் வரி குறையும். தனித்தனியாகச் செய்பவர்கள் ஏமாளிகள்."

தவறு. 'சேர்ந்து' என்ற சொல்லுக்கு நாட்டுக்கு நாடு பொருள் மாறுகிறது. ஜெர்மனியில் இருவர் வருமானத்தையும் கூட்டி, பாதியாக்கி, அந்தப் பாதிக்கான வரியை இரட்டிப்பாக்குகிறார்கள். மலேசியாவில் கூட்டிய தொகை முழுவதும் ஒருவர் பெயரில், அதே வரி அடுக்கில் ஏறுகிறது. இந்தியாவில் இந்தத் தேர்வே கிடையாது, அவரவர் தனித்தனிதான்.

கணக்குக்காக ஓர் அடுக்கை வைத்துக்கொள்வோம்: முதல் 100 அலகுக்கு வரி இல்லை, அடுத்த 200க்கு 10%, அதற்கு மேல் 30%. ஒருவருக்கு 400, மற்றவருக்கு வருமானம் இல்லை என்றால் தனித்தனியாக 50 வரி. பாதியாக்கும் முறையில் 20தான். இருவருக்கும் ஆளுக்கு 200 என்றால் தனித்தனியாகவும் 20, பாதியாக்கினாலும் 20. வெறுமனே கூட்டினால் 50! ஒருவருக்குரிய வரியற்ற வரம்பு வீணாகி, 100 அலகு 30% அடுக்குக்குள் போய்விடுவதே காரணம். துணைக்கான கழிவு கொஞ்சம் கிடைக்கும். இரண்டு சம்பளக் குடும்பத்தில் அது பெரும்பாலும் இந்த இழப்பை ஈடுகட்டாது.

பாதியாக்கும் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. வருமானமில்லாத துணை 50 சம்பாதிக்கத் தொடங்கினால் குடும்ப வரி 20இலிருந்து 25 ஆகும். தனியாக என்றால் அந்த 50க்கு வரியே இல்லை. ஆனாலும் மொத்தத்தில் 25 என்பது தனித்தனியாகக் கட்டும் 50ஐவிடக் குறைவுதான்.