எவ்.ஆர்.ஏ. கடன் தராது

"எவ்.ஆர்.ஏ. போட்டால் பெப்ரவரியில் வங்கி 10 வீதத்துக்கே கடன் தரும், சரிதானே?"

இல்லை அண்ணை. எவ்.ஆர்.ஏ. என்பது வருங்காலத் தவணை ஒன்றுக்கான வட்டி வீதத்தை இப்போதே பேசி வைக்கும் ஒப்பந்தம்; அது வட்டி வித்தியாசத்தை மட்டும் தீர்க்கும். கிளிநொச்சி ஆலைக்காரர் காலபோக நெல் வாங்க 1 கோடி ரூபாவை 3 மாதத்துக்கு எடுக்கிறார் என்று வைப்பம். பெப்ரவரியில் சந்தை வீதம் ஆண்டுக்கு 12 என்றால், பேசி வைத்த 10க்கும் அதற்கும் 3 மாத வித்தியாசம் 50,000. ஆனால் காசு தவணைத் தொடக்கத்திலேயே வருவதால், 3 மாத வட்டியான 3 வீதத்துக்காக 1.03 ஆல் வகுத்து 48,544 தான் அவருக்குக் கிடைக்கும். கடனை 12 வீதத்துக்கே எடுத்து 3 இலட்சம் வட்டி கட்டுவார். கிடைத்ததை அதே வீதத்தில் போட்டு வைத்தால் முடிவில் 50,000 ஆகும். நிகரச் செலவு 2.5 இலட்சம், அதாவது 10 வீதம். வீதம் 8க்கு இறங்கினால் வித்தியாசத்தை அவர்தான் கட்டவேணும். அதைப் பலர் மறந்துவிடுகினம். வங்கி சந்தை வீதத்துக்கு மேல் வைக்கும் தன் மார்ஜினைக் கூட்டினாலும் இது காப்பாற்றாது.