காசு சுண்டச் சொன்னது நான்தான்

ஆமாம், இப்போது சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் கல்லூரி வீடியோவில் மைக் பிடித்திருப்பது நான்தான். முதலாம் ஆண்டுப் பசங்களைக் காசு சுண்டச் சொன்னதும் நான்தான். ‘கல்லூரிக்குள்ளேயே சூதாட்ட வகுப்பு’ என்று தலைப்புப் போட்டு, இருபது நொடியை மட்டும் வெட்டி ஓடவிட்ட புண்ணியவானுக்கு நன்றி. ஆன்லைன் சூதாட்டத்தில் நான் பணம் விட்ட கதையைப் பேசியது பத்து நிமிடம். மீதி எங்கே சார்?

மீதியை நானே சொல்கிறேன். ஹாலில் சுமார் 130 பேர். எல்லோரும் எழுந்து நின்று காசு சுண்டணும், தலை விழுந்தவர்கள் உட்காரணும், பூ விழுந்தவர்கள் நின்றபடியே மறுபடி சுண்டணும். முதல் தடவையிலேயே பாதி ஹால் உட்கார்ந்துவிட்டது. ஆறாவது தடவை முடிந்தபோது இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள். “தொடர்ந்து ஆறு தோல்வி. அப்படி நின்னவன்தான் நான்” என்றேன். சிரிப்பு நின்றது. கிளிப்பில் சிரிப்பு இருக்கிறது, அது நின்றது இல்லை.

நான் ஆடியது கிரிக்கெட்டில் ‘அடுத்த ஓவர் ரன் ஒற்றையா இரட்டையா’. கிட்டத்தட்ட தலையா பூவா மாதிரிதான். ஜெயித்தால் ரூபாய்க்கு 90 பைசா லாபம், தோற்றால் ரூபாய் முழுசும் போச்சு. தோற்றால் அடுத்ததில் டபுள் வை, ஒரு தடவை ஜெயித்தால் விட்டதெல்லாம் திரும்பிவிடும் என்பது என் திட்டம். 500, 1000, 2000, 4000, 8000, 16000. கூட்டிப் பாருங்கள், 31,500. என் செமஸ்டர் ஃபீஸ் 32,000. மிச்சம் ஐந்நூறு ரூபாய்.

இதில் துரதிர்ஷ்டம் எதுவும் இல்லை, கணக்குதான். முதல் நான்கும் தோற்றிருந்தால் 7,500 போயிருக்கும். ஐந்தாவதில் 8,000 வைத்து ஜெயித்தாலும் கைக்கு வரும் லாபம் 7,200. அதாவது ஜெயித்த பிறகும் 300 நஷ்டம்! ஆறாவதில் ஜெயித்திருந்தால் 1,100 நஷ்டம். அந்தப் பத்து பைசாதான் ஆளைத் தின்றது. இதைத் தோற்ற மறுநாள் நோட்டில் போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். முதல் நாள் போட்டிருக்கலாம். தினமும் ஆடுகிறவனுக்கு அறுபத்து நாலில் ஒரு தடவை வரும் ஆறு தோல்வி எவ்வளவு சீக்கிரம் வரும் என்பதையும் அன்றைக்கே யோசித்திருக்கலாம்.

“டபுள் பண்ண நீயே சொல்லிக்கொடுத்துட்டியே” என்கிறார்கள். ஐயா, அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். தோற்றவனுக்கு முதலில் தோன்றுவதே அதுதான். ‘சூது கெட்டது’ என்று எங்களுக்கும் ஆறாம் வகுப்பிலிருந்து சொன்னார்கள். கேட்டேனா? கணக்கைச் சொல்லியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பேன்.

“அதான் தடை பண்ணியாச்சே.” சரி. 2023 ஏப்ரலில் மாநிலச் சட்டம் வந்தது, 2025 ஆகஸ்டில் மத்திய சட்டமும் வந்தது. ஆனால் வாட்ஸ்அப்பில் சூதாட ஐடி கொடுக்கிறவன் சட்டம் படிப்பதில்லை. நான் பணம் அனுப்பிய யுபிஐ பெயர் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு. ஒரு நாள் ஏதோ தையல் கடை, ஒரு நாள் யாரோ ஒரு அம்மா பெயர். பெயர் மாறும்போதே மணி அடித்திருக்கணும். அடிக்கவில்லை.

“பேராசை பிடிச்சவன், தோத்துட்டு ஊருக்கு உபதேசமா?” இதற்கு என்ன பதில் சொல்வது? எங்கப்பா காசிமேட்டில் மீன்பிடி போட்டுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம், வருமானம் கிடையாது. அதனால் ஜூன் மாத ஃபீஸை முன்கூட்டியே சேர்த்து என் அக்கவுண்டில் போட்டு வைத்திருந்தார். ஐபிஎல்லும் அதே நாட்களில்தான். வலை பின்னிக்கொண்டிருந்த மனிதரிடம் போய்ச் சொன்னேன். திட்டவில்லை, ஊசியைக்கூடக் கீழே வைக்கவில்லை. “எவ்ளோ மிச்சம்?” என்று மட்டும் கேட்டார். மறுநாள் அம்மா காதில் கம்மல் இல்லை. உபதேசம் செய்யத் தகுதி இருக்கிறதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் உபதேசம் செய்யவில்லை, கூட்டல் கழித்தல் செய்து காட்டினேன், அவ்வளவுதான். அதற்குத்தான் துறையில் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். ஐடி கொடுத்தவனை இதுவரை யாரும் கூப்பிடவில்லை, அதையும் சொல்லி வைக்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் ஒரு பையன் ஓரமாக வந்தான். “அண்ணா, 90 பைசாக்குப் பதிலா 95 பைசா குடுத்தா?” கேட்ட விதத்திலேயே தெரிந்தது, அவன் ஏற்கெனவே ஆடுகிறான். நான் பதில் சொல்லவில்லை, பேனாவைக் கொடுத்தேன். அழைப்பிதழின் பின்பக்கத்தில் ஒவ்வொரு வரியாகப் போட்டான். ஐந்தாவதில் நூறு ரூபாய் லாபம் வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தான். ஆறாவது வரியை இரண்டு தடவை அடித்து அடித்து எழுதினான்.

“இதுலயும் முந்நூறு போவுதுண்ணா” என்றான். பேனாவைத் திருப்பித் தர மறந்துவிட்டுப் போய்விட்டான்.